கை தவறிய மடலுக்குப் பின்னால் போகும் மடல்

2014 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜி-20 மாநாடு நடந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பு அந்நாட்டுக் குடிவரவுத் துறையிலிருந்து ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. மாநாட்டுக்கு வரவிருந்த 31 தலைவர்களின் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், விசா விவரம் எல்லாம் அதில் இருந்தன. ஒபாமா, புதின், மெர்க்கெல் ஆகியோரோடு நம் பிரதமர் மோடியும் அந்தப் பட்டியலில் இருந்தார். மடல் போய்ச் சேர்ந்ததோ ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் உள்ளூர் ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஒருவருக்கு. அனுப்பிய அலுவலர் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டியதும் அவுட்லுக் தானாகவே ஒரு முகவரியை நிரப்பிக் கொடுத்தது. அது சரியான ஆளுடையதுதானா என்று பார்க்காமல் அனுப்பிவிட்டார்.

தவறு தெரிந்ததும் அந்த அலுவலர் மேலே தெரிவித்தார். மடல் கிடைத்தவர் அதை அழித்தார், அழித்தவை சேரும் பகுதியையும் காலி செய்தார். வேறெங்கும் அதன் பிரதி இருப்பதாகத் தெரியவில்லை என்று ஏற்பாட்டுக் குழுவும் சொன்னது. அந்தப் பதிலையும் வைத்துத்தான், ஆபத்து மிகக் குறைவு, தலைவர்களுக்குத் தெரிவிக்கத் தேவையில்லை என்று துறை முடிவெடுத்தது. மறு ஆண்டு மார்ச்சில் ‘தி கார்டியன்’ நாளிதழ் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தெரிவிக்காமல் விட்டது சரியில்லை என்பது என் எண்ணம். ஆனாலும், ‘அழித்துவிட்டேன்’ என்று எதிர்முனையிலிருந்து வரும் ஒரு வரிக்கு எவ்வளவு கனம் என்பது இதில் தெரிகிறது. அந்த வரி வர வேண்டுமானால் நாம் எழுதும் மடல் எப்படி இருக்க வேண்டும், அதுவும் தமிழில் எழுதும்போது, என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

தமிழர்களிடையே இந்தத் தவறு நடக்க ஒரு தனிக் காரணமும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். ஒரே ஊரில், ஒரே தொழிலில், ஒரு ஆபீஸுக்கு வந்துபோகும் ஆட்களிலேயே நாலைந்து செந்தில்குமார் இருப்பார்கள். மின்னஞ்சல் முகவரியில் இன்ஷியல் சில சமயம் முன்னால் வரும், சில சமயம் பின்னால் வரும், சில சமயம் வரவே வராது. போன் திரையில் பாதிப் பெயர்தான் தெரியும். கம்ப்யூட்டர் காட்டும் முதல் செந்தில்குமார் நாம் நினைத்த செந்தில்குமார்தானா என்று அந்த நேரத்தில் யாரும் நிதானித்துப் பார்ப்பதில்லை.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண் செவ்வாய்க்கிழமை மாலை 4.12-க்கு 42 தொழிலாளர்களின் சம்பளப் பட்டியலை ஆடிட்டருக்கு அனுப்புகிறார். எக்செல் கோப்பில் பெயர், பேங்க் கணக்கு எண், பி.எஃப். எண், சம்பளம் எல்லாம் இருக்கின்றன. ஆடிட்டர் எஸ். செந்தில்குமார். மடல் போனது கம்பெனிக்கு நூல் சப்ளை செய்யும் எஸ்.கே. செந்தில்குமாருக்கு. 4.20-க்கு ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வருகிறது: “மெயில் இன்னும் வரலைங்க.” அப்போதுதான் அனுப்பியவற்றில் போய்ப் பார்க்கிறார்.

எட்டு நிமிடம் ஆகிவிட்டதால் ஜிமெயிலின் ‘Undo’ பொத்தான் இங்கே உதவாது. அது போன மடலைத் திரும்ப அழைக்கும் வசதி என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அனுப்பு என்று அழுத்திய பின் சில விநாடிகள் மடலைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கும் ஏற்பாடுதான் அது. நாம் எதையும் மாற்றாமல் விட்டால் 5 விநாடி. அமைப்பில் போய் 10, 20, 30 என்று நீட்டிக்கொள்ளலாம். 30-க்கு மேல் போகாது. நேரம் கடந்துவிட்டால் மடல் எதிராளியின் பெட்டியில்தான்.

அவுட்லுக்கில் திரும்ப அழைக்கும் வசதி நிஜமாகவே உண்டு. ஆனால் இருவரும் ஒரே நிறுவனத்தின் மைக்ரோசாஃப்ட் அமைப்புக்குள் இருந்தால்தான் அது வேலை செய்யும். வெளி ஆளுக்குப் போன மடலுக்கு அதை அழுத்தினால் மடல் திரும்பாது. சில சமயம், இன்னார் அந்த மடலைத் திரும்பப் பெற விரும்புகிறார் என்ற ஒரு செய்திதான் அவருக்குப் போய்ச் சேரும். அதுவரை திறக்காதவரும் அப்படி என்னதான் இருக்கிறது என்று திறந்துவிடுவார். வெளி ஆளுக்குப் போன மடலென்றால் அந்தப் பொத்தானைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கோப்பை இணைக்காமல் கூகுள் டிரைவ் இணைப்பாக அனுப்பியிருந்தால் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. டிரைவுக்குப் போய் அந்த நபருக்கான அனுமதியை எடுத்துவிட்டால் இணைப்பு அவருக்குத் திறக்காது. அதை முதலில் செய்துவிட்டுத்தான் மடல் எழுத உட்கார வேண்டும். நம் திருப்பூர்க் கதையில் கோப்பு மடலோடு ஒட்டிப் போய்விட்டது. எனவே எழுதியே ஆக வேண்டும்.

பதற்றத்தில் எழுதும் முதல் மடல் அநேகமாக இப்படி இருக்கும்:

“மிக மிக அவசரம்!!! சற்று முன் அனுப்பிய மெயிலில் எங்கள் தொழிலாளர்களின் சம்பளம், வங்கிக் கணக்கு எண் உள்ளிட்ட மிக ரகசியமான விவரங்கள் உள்ளன. இம்மெயில் தங்களுக்கு உரியது அன்று. உடனடியாக அழிக்கவும். அதைப் படிப்பதோ பயன்படுத்துவதோ சட்டப்படி குற்றமாகும். மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.”

எழுதியவருக்கு இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இங்கிலீஷ் மெயில்களின் அடியில் பொடி எழுத்தில் வரும் எச்சரிக்கையைத் தமிழில் இறக்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் எஸ்.கே. செந்தில்குமாரின் இடத்தில் இருந்து படித்துப் பாருங்கள். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. நூல் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு யாரோ ஒரு மடலை அனுப்பிவிட்டு, அடுத்த கால் மணி நேரத்தில் குற்றம், நடவடிக்கை என்கிறார்கள். முதலில் அவருக்குக் கோபம் வரும். கோபத்தோடு கூடவே ஆவலும் வரும், ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அந்த மடலே பட்டியல் போட்டுச் சொல்லிவிட்டது. சம்பளம் என்று பார்த்த பிறகு திறக்காமல் இருக்க ரொம்ப மனக்கட்டுப்பாடு வேண்டும்.

இந்த மடலை எழுதும்போது ஒன்றை மறக்கக் கூடாது: நாம் உதவி கேட்கிறோம். தவறு நம்முடையது. எதிரில் இருப்பவர் தன் நேரத்தில் சில நிமிடங்களை நமக்காகச் செலவழிக்கப் போகிறார். மிரட்டினாலும் அவரைச் செய்ய வைக்க நம்மிடம் எதுவும் இல்லை. அவர் அழித்தாரா என்று போய்ப் பார்க்கவும் முடியாது. அவருடைய நல்ல மனதை நம்பித்தான் எழுதுகிறோம் என்பதால், அந்த மனதைக் கெடுக்காதபடி எழுத வேண்டும்.

அந்தப் பெண் எழுதியிருக்க வேண்டிய மடல் இது:

“பொருள்: தவறுதலாக உங்களுக்கு வந்த மடல் – திறக்காமல் நீக்க வேண்டுகிறேன்

வணக்கம் ஐயா,

இன்று செவ்வாய் மாலை 4.12-க்கு என்னிடமிருந்து, எக்செல் கோப்பு ஒன்றோடு உங்களுக்கு ஒரு மடல் வந்திருக்கும். அது வேறொருவருக்குப் போக வேண்டியது. முகவரியைத் தேர்ந்தெடுத்ததில் நான் தவறு செய்துவிட்டேன். வருந்துகிறேன்.

கோப்பில் வேறு சிலருடைய சொந்த விவரங்கள் இருக்கின்றன. அதனால் மடலைத் திறக்காமல் நீக்கிவிடுங்கள். பிறகு, நீக்கியவை சேரும் பகுதிக்கு (Bin அல்லது Trash) போய் அங்கிருந்தும் நீக்கிவிட வேண்டுகிறேன். ஏற்கெனவே திறந்திருந்தால் உங்கள் போனிலோ கம்ப்யூட்டரிலோ Downloads பகுதியில் ஒரு பிரதி இருக்கலாம். அதையும் அழித்துவிடுங்கள். வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால் அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.

நீக்கியதும் ‘நீக்கிவிட்டேன்’ என்று ஒரு வார்த்தை பதில் அனுப்பினால் போதும்.

உங்கள் உதவிக்கு மிக்க நன்றி.

இப்படிக்கு,
(பெயர், வேலை, கம்பெனி, ஆபீஸ் போன் எண்)”

இதை ஏன் புதிய மடலாக எழுத வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அனுப்பிய மடலைத் திறந்து அதற்கே பதில் எழுதுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் தலைப்பில் Re: என்று போட்டு ‘சம்பளப் பட்டியல்’ என்றே இருக்கும். ஜிமெயிலில் இரண்டும் ஒரே உரையாடலாகச் சேர்ந்து நிற்கும். அவர் நம் வேண்டுகோளைப் படிக்கத் திறந்தாலே அதற்கு மேலே பழைய மடலும் கோப்பும் கண்ணில் படும். போதாததற்கு, நாம் முதலில் எழுதியதை நம் பதிலின் அடியிலும் மேற்கோளாக இன்னொரு முறை அனுப்பியிருப்போம். புதிய தலைப்போடு தனி மடலாக எழுதினால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. வரும் மடல்களில் கடைசியாக வந்தது மேலே நிற்கும் என்பதால், அவர் இன்னும் பெட்டியைத் திறக்காமல் இருந்தால், நம் வேண்டுகோளைத்தான் முதலில் பார்ப்பார். தப்பான மடலைத் திறப்பதற்கு முன்பே அது தப்பான மடல் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

தலைப்பை ‘மன்னிக்கவும்’ என்றோ ‘அவசரம்’ என்றோ தொடங்குவது வழக்கமாக இருக்கிறது. போனில் வரும் அறிவிப்பில் முதல் சில சொற்கள்தான் தெரியும். ‘அவசரம்’ என்று மட்டும் தெரிந்தால் ஏமாற்று மெயில் என்றே பலரும் ஒதுக்கிவிடுவார்கள், ஏனென்றால் பேங்க் பெயரில் வரும் மோசடி மெயில்கள் எல்லாம் அப்படித்தான் தொடங்குகின்றன. ‘தவறுதலாக உங்களுக்கு வந்த மடல்’ என்று இருந்தால் விஷயம் அறிவிப்பிலேயே முடிந்துவிடும்.

அடுத்தது, எந்த மடல் என்பதை அவர் தேடாமலே கண்டுபிடிக்கும்படி சொல்வது. ‘சற்று முன் அனுப்பிய மெயில்’ என்று எழுதினால் அவர் மறுநாள் காலையில் படிக்கும்போது அதற்குப் பொருளே இருக்காது. கிழமை, நேரம், யாரிடமிருந்து வந்தது, கோப்பு இருந்ததா என்று நான்கு அடையாளம் கொடுத்தால் போதும். கோப்பின் பெயரையும் மடலின் தலைப்பையும் சொல்லலாமா என்று கேட்டால், அந்தப் பெயரே ரகசியத்தைச் சொல்லிவிடுமானால் சொல்லக் கூடாது. அதே நாளில் அவருக்கு உங்களிடமிருந்து மூன்று நான்கு மடல் போயிருந்தால் மட்டும் வேறு வழியில்லாமல் தலைப்பைக் குறிப்பிட வேண்டியிருக்கும்.

உள்ளே இருப்பதைப் பற்றி எவ்வளவு சொல்வது என்பதுதான் இதில் கடினமான இடம். ஒன்றுமே சொல்லாமல் விட்டால் அவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார், குப்பைப் பகுதி வரை போக மாட்டார். எல்லாவற்றையும் சொன்னால் ஆவலைக் கிளப்பிவிடும். ‘வேறு சிலருடைய சொந்த விவரங்கள்’ என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அது பொய்யும் இல்லை, பட்டியலும் இல்லை. அதோடு, இதை மதித்து அழித்தால் முகம் தெரியாத சிலருக்கு நன்மை செய்கிறோம் என்று படிப்பவருக்குத் தோன்றும். கம்பெனியின் ரகசியத்தைக் காப்பாற்றுங்கள் என்பதைவிட, பிறருடைய விவரத்தைக் காப்பாற்றுங்கள் என்பது எவருக்கும் மனதில் தைக்கும். யாருக்குப் போக வேண்டியது என்பதையும் ‘வேறொருவருக்கு’ என்று நிறுத்திக்கொண்டால் போதும்.

‘அழித்துவிடுங்கள்’ என்று ஒரு சொல்லில் முடிக்காமல் இடம் இடமாகச் சொல்ல வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. ஜிமெயிலில் நீக்கிய மடல் உடனே மறைந்துபோவதில்லை. குப்பைப் பகுதியில் 30 நாள் கிடக்கும், அதற்குள் மீட்டெடுக்கலாம். போனில் கோப்பை இறக்கிப் பார்த்திருந்தால் Downloads பகுதியில் ஒரு பிரதி தங்கிவிடும், மடலை நீக்கினாலும் அது நீங்காது. ஆஸ்திரேலியக் கதையில் அந்தக் காலி செய்த பகுதியைப் பற்றிக் குறிப்பாகச் சொல்லியிருந்ததன் பொருள் இதுதான். ஆனாலும் இதற்கு மேல் அடுக்கக் கூடாது. ‘பேக்கப்பில் இருந்தால்’, ‘வேறு கருவிகளில் இருந்தால்’ என்று நீட்டிக்கொண்டே போனால், இது எதுவுமே வேண்டாம் என்று அவர் விட்டுவிடுவார். உதவி கேட்கும் மடலில் மூன்று இடங்களுக்கு மேல் போகச் சொல்வதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

வேறு யாருக்காவது அனுப்பினீர்களா என்பதை நேரடிக் கேள்வியாகக் கேட்டால் விசாரணை போலாகிவிடும். ‘அனுப்பியிருந்தால் அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்’ என்று எழுதும்போது, அனுப்பாதவருக்கு எந்த வேலையும் இல்லை, அனுப்பியவருக்கும் சொல்வதில் கூச்சம் இல்லை.

தமிழ் நடையில் கவனிக்க வேண்டியது வினைமுற்றைத்தான். ‘நீக்கவும்’, ‘தெரிவிக்கவும்’ என்று வரிசையாகப் போட்டால் அரசு அலுவலக அறிவிப்பு மாதிரி ஆகிவிடும், அதில் உத்தரவின் சாயல் இருக்கிறது. ‘நீக்கிவிடும்படி தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று இன்னொரு பக்கம் சாய்ந்தால் விண்ணப்பம் மாதிரி ஆகி, என்ன செய்யச் சொல்கிறார் என்பது வாக்கியத்தின் கடைசியில் போய் ஒளிந்துகொள்ளும். ‘நீக்கிவிடுங்கள்’ என்பது மரியாதையும் தெளிவும் சேர்ந்த வடிவம். பக்கத்து வாக்கியத்தில் ஒரு ‘வேண்டுகிறேன்’ வந்துவிட்டால் போதும். ‘வருந்துகிறேன்’ என்பதும் ஒரே ஒரு முறைதான். நாலு முறை மன்னிப்புக் கேட்டால், அவர் நமக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைமைக்கு வந்துவிடுவார். தவறு யாருடையது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்று எழுதினால் யாரும் நம்பப் போவதில்லை.

எஸ்.கே. செந்தில்குமார் தெரிந்தவர் என்பதால் ‘ஐயா’ போட்டோம். தெரிந்தவர், போன் நம்பரும் இருக்கிறது என்றால், மடலை அனுப்பிய கையோடு ஒரு போனும் போட்டுவிட வேண்டும். “சார், மெயில்ல உங்களுக்கு ஒண்ணு தப்பா வந்துடுச்சுங்க. இப்பத்தான் இன்னொரு மெயில் போட்டிருக்கேன், அதைப் படிச்சுட்டு முதல் மெயிலைத் திறக்காம எடுத்துவிட்டுடுங்க சார்.” அவ்வளவுதான் பேச்சு. போனிலும் உள்ளே என்ன என்று சொல்ல வேண்டாம். போனில் சொல்லியாயிற்றே, மடல் எதற்கு என்று விட்டுவிடவும் வேண்டாம். எதைக் கேட்டோம், எப்போது கேட்டோம், அவர் என்ன சொன்னார் என்பதற்கு எழுத்தில் ஒரு சாட்சி பின்னால் தேவைப்படும்.

மடல் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போயிருந்தால் கதை வேறு. ஆணா பெண்ணா, வயதென்ன, தமிழ் படிப்பாரா என்று எதுவும் தெரியாது. ‘ஐயா/அம்மா’ என்று கோடு போட்டு எழுதுவதைவிட வெறும் ‘வணக்கம்’ அழகு. முகவரியில் இருப்பது தமிழ்ப் பெயர்தான் என்றாலும் மும்பையிலோ மலேசியாவிலோ வளர்ந்து தமிழ் வாசிக்கத் தெரியாதவராக இருக்கலாம். அதனால் தமிழில் எழுதிய பின் அடியில் அதையே இரண்டு வரி ஆங்கிலத்திலும் எழுதிவிடுவது நல்லது. முன்பின் தெரியாதவர் நம்மை நம்பவும் வேண்டும். மடலில் எந்த இணைப்பும் கோப்பும் இருக்கக் கூடாது. ‘இந்த லிங்கை அழுத்தி உறுதி செய்யுங்கள்’ என்று எழுதினால் மோசடி என்றே நினைப்பார். அவருடைய போன் நம்பரையோ விலாசத்தையோ கேட்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் அவரே விசாரித்துக்கொள்ளும்படி, கம்பெனியின் எல்லோருக்கும் தெரிந்த ஆபீஸ் எண்ணை அடியில் கொடுத்தால் போதும்.

பதில் வராமலே போகலாம். அப்படிப் போனால் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. 2009 ஆகஸ்டில் வையோமிங் மாநிலத்தின் ராக்கி மவுண்டன் பேங்க் ஊழியர் ஒருவர், ஒரு வாடிக்கையாளரின் கடன் விவரத்தை அனுப்பப்போய், தப்பான ஜிமெயில் முகவரிக்கு அனுப்பிவிட்டார். அதோடு அனுப்பவே கூடாத ஒரு கோப்பும் ஒட்டிக்கொண்டது. அதில் 1,325 வாடிக்கையாளர்களின் பெயர், விலாசம், வரி எண், கடன் விவரம் எல்லாம் இருந்தன. மறுநாள் தவறு தெரிந்ததும் மடலைத் திரும்ப அழைக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. பிறகு, திறக்காமல் அழித்துவிட்டு எங்களைத் தொடர்பு கொள்ளுங்கள் என்று இரண்டாவது மடல் எழுதினார்கள். பதிலே இல்லை. அந்த முகவரிக்காரர் யார் என்று கூகுளைக் கேட்டார்கள், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் சொல்ல மாட்டோம் என்று கூகுள் மறுத்தது. பேங்க் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டது. செப்டம்பரில் நீதிபதி அந்த ஜிமெயில் கணக்கை முடக்கும்படி உத்தரவிட்டார். கடைசியில் தெரிந்தது, அந்த மடல் திறக்கப்படவே இல்லை.

ஒரு தப்பும் செய்யாத ஒருவருடைய மின்னஞ்சல் கணக்கையே நீதிமன்றம் முடக்கியது அன்று நிறையப் பேருக்கு உறுத்தியது, எனக்கும் அது உறுத்தலாகவே இருக்கிறது. அந்த இரண்டாவது மடலை அந்த நபர் பார்த்தாரா என்பதே கேள்வி. பயன்படுத்தாமல் விட்ட முகவரிகள் எத்தனையோ உண்டு. முன்பின் தெரியாத அனுப்புநரின் மடல் ஸ்பேம் பகுதிக்குப் போயிருக்கவும் வாய்ப்புண்டு. எனவே பதில் வரவில்லை என்றால் கெட்டவர் என்று முடிவுகட்டிக் குரலை உயர்த்த வேண்டியதில்லை. ஒரு நாள் பொறுத்து இன்னொரு மடல், அதே பணிவோடு, இன்னும் சுருக்கமாக:

“வணக்கம். செவ்வாய் மாலை 4.12-க்குத் தவறுதலாக உங்களுக்கு வந்த மடலை நீக்கிவிட்டீர்கள் என்றால் ஒரு வார்த்தை தெரிவியுங்கள். இன்னும் பார்க்கவில்லை என்றால், திறக்காமல் நீக்கிவிட வேண்டுகிறேன். நன்றி.”

அதற்கும் பதில் இல்லையென்றால் மூன்றாவது வேண்டாம். அந்த விவரங்கள் வெளியே போய்விட்டன என்றே வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும்.

சொல்லப்போனால் பதில் வந்தாலும் அடுத்த வேலை இருக்கிறது. மடலில் போனது பாஸ்வேர்டு என்றால், கெஞ்சி மடல் எழுதுவதற்கு முன்பே அதை மாற்றியிருக்க வேண்டும். ஆதார் என்றால் ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும். இணையத்தில் எடுக்கும் இ-ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் உண்டு என்று நிம்மதியாக இருப்போம். அந்தக் கடவுச்சொல் ஆங்கிலத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். அதே மடலில் பிறந்த தேதி போட்ட பயோடேட்டாவும் போயிருந்தால் பூட்டோடு சாவியையும் சேர்த்து அனுப்பியிருக்கிறோம் என்று பொருள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை அனுப்பும் வழக்கம் இருந்தால் இந்தக் கவலையில் பாதி குறையும்.

திருப்பூர்க் கம்பெனிக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. அந்த 42 பேருக்கும் சொல்ல வேண்டும். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தவறுதலாக விவரம் வெளியே போவதையும் தரவு மீறலாகவே கணக்கில் எடுக்கிறது. மீறல் நடந்தால் சம்பந்தப்பட்டவர்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கணக்கு எண் யாருடையதோ அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று நாளை ஒரு போன் வந்தால் அவர் உஷாராக இருக்க அது உதவும். தலைவர்களிடம் சொல்லாமல் விட்ட துறையோடு நான் முரண்படுவது இந்த இடத்தில்தான். கம்பெனி நோட்டீஸ் போர்டில் நாலு வரி ஒட்டினாலும் போதும்: என்ன போனது, எப்போது போனது, கிடைத்தவர் நீக்கிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார், பேங்க் பெயரில் யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள்.

இந்த மடல் கிடைக்கும் இடத்தில் நாம் இருந்தாலும் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். கேட்ட இடங்களில் நீக்கிவிட்டு, “வணக்கம். மடலையும் குப்பைப் பகுதியில் இருந்ததையும் நீக்கிவிட்டேன். கோப்பைத் திறக்கவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை” என்று எழுதலாம். திறந்துவிட்டோம் என்றால் திறந்ததையும் சொல்லிவிட வேண்டும். பழைய மடலை ஃபார்வர்டு செய்து ‘இதுதானே?’ என்று கேட்கக் கூடாது, அழிக்க வேண்டிய கோப்பு அதனால் இன்னும் ஒரு இடத்தில் பெருகிவிடும்.

எஸ்.கே. செந்தில்குமாரிடமிருந்து 5.05-க்கு ‘நீக்கிட்டேன்மா’ என்று பதில் வந்ததாக வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு நன்றி அனுப்பிவிட்டு, வேண்டுகோள் மடலையும் அந்தப் பதிலையும் தனியாக எடுத்து வைக்க வேண்டும். பிறகு கூகுள் தொடர்புகளில் இரண்டு பேரையும் தேடி எடுத்து, ஒருவரை ‘செந்தில்குமார் ஆடிட்டர்’ என்றும் மற்றவரை ‘செந்தில்குமார் நூல்’ என்றும் பெயர் மாற்றிவிட வேண்டும். நாம் சேமிக்காமலே கூகுள் தானாகச் சேர்த்து வைக்கும் முகவரிகள் Other contacts என்ற பகுதியில் இருக்கும், அங்கேயும் ஒருமுறை பார்க்க வேண்டும். அவுட்லுக் என்றால், பெயரைத் தட்டும்போது கீழே வரும் பட்டியலில் தேவையில்லாத முகவரிக்குப் பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் அது பட்டியலிலிருந்து நீங்கிவிடும். அதன் பிறகு ஆடிட்டருக்கான மடலைத் திறந்து, முதலில் கோப்பை இணைத்து, விஷயத்தை எழுதி, முகவரியைக் கடைசியில் நிரப்பி அனுப்பலாம்.